வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர்: 'பார்த்தேன்' என்பது வேறு, 'சரி' என்பது வேறு

நம் ஊர்களில் வீட்டில் இருந்தபடியே தையல் தைக்கும் சகோதரிகள் ஏராளம். கடை வாடகை இல்லை, போர்டு இல்லை. ஒரு மெஷினும் ஒரு செல்போனும்தான் முதலீடு. துணி கொடுப்பது, அளவு சொல்வது, விலை கேட்பது, நாள் குறிப்பது எல்லாமே வாட்ஸ்அப்பில்தான் நடக்கிறது. தொழிலில் வரும் மனக்கசப்பும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு தையல் கடையை நினைத்துப் பாருங்கள். அங்கே ஆர்டரை எழுத ஒரு நோட்டு இருக்கும். கடைக்காரர் தலையாட்டினால் ஒப்புக்கொண்டாரா, வெறுமனே கேட்டுக்கொண்டாரா என்பது முகத்தைப் பார்த்தாலே தெரியும். இரவானால் ஷட்டர் இறங்கும். செல்போனில் இந்த மூன்றுமே இல்லை. நோட்டுக்குப் பதில் வாய்ஸ் நோட், தலையாட்டலுக்குப் பதில் எமோஜி, ஷட்டருக்குப் பதில் நள்ளிரவிலும் எரியும் பச்சை வெளிச்சம். வாடிக்கையாளரிடம் தொழில்முறையில் பேசுவது என்றால் கடினமான தமிழில் எழுதுவது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், கடையில் இருந்த அந்த மூன்றையும் செல்போனுக்குள் கொண்டுவருவதுதான் அது. ஒரு ஆர்டரை எடுத்துக்கொண்டு அதைப் பார்ப்போம்.

ஒரு வாய்ஸ் நோட்டில் நான்கு குழப்பம்

2024ஆம் ஆண்டு ரமளானை எடுத்துக்கொள்வோம். தமிழகத்தில் அந்த வருடம் மார்ச் 12ஆம் தேதி முதல் நோன்பு. அதற்கு முந்தைய வாரம் ஒரு தையல்காரச் சகோதரிக்கு, பழகிய வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து வாய்ஸ் நோட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டரை நிமிட நோட்டில் நலம் விசாரிப்பு போக விஷயம் இவ்வளவுதான்:

"மூணு துணி தம்பிகிட்ட குடுத்து விட்டிருக்கேம்மா, ஆயிரம் ரூவாயும் வச்சிருக்கேன். பெரியவளுக்குப் போன தடவை மாதிரியே தச்சுடு, கை மட்டும் கொஞ்சம் நீளமா இருக்கட்டும். அந்தப் பச்சைக்கு லைனிங் போட்டுடு... இல்ல, அதுக்கு வேணாம், மெரூனுக்குப் போடு. இருபதுக்குள்ள வேணும்மா, ஊருக்கு அனுப்பணும். மீதிக் காசு பார்த்துப் போட்டுக்க."

கேட்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். சகோதரியும் வேலைக்கு நடுவே கேட்டுவிட்டு ஒரு கட்டைவிரல் எமோஜி அனுப்பிவிடுவார். ஆனால் துணியை வெட்ட உட்காரும்போது நான்கு கேள்விகள் எழும். "கொஞ்சம் நீளம்" என்றால் ஒரு இன்ச்சா, மூன்று இன்ச்சா? லைனிங் பச்சைக்கா, மெரூனுக்கா? அந்த இடத்தில் ஒரு வார்த்தை காதில் விழாவிட்டால் தலைகீழாகிவிடும். "பார்த்துப் போட்டுக்க" என்றால் என்ன கூலி?

நான்காவதுதான் பெரியது. இருபது என்றது மார்ச் 20ஆ, பிறை 20ஆ? நோன்பு நாட்களில் நம் வீடுகளில் இரண்டு கணக்கும் ஒரே பேச்சில் கலந்து வரும். அந்த வருடம் பிறை 20 என்றால் மார்ச் 31. இடையில் பதினோரு நாள். வாடிக்கையாளர் சொன்னது ஆங்கிலத் தேதி. வளைகுடாவுக்குப் பயணம் போகும் உறவினர் கையில் துணியைக் கொடுத்தனுப்ப வேண்டும். சகோதரி மனதில் பதிந்தது பிறைக் கணக்கு. மார்ச் 19ஆம் தேதி "ரெடியாம்மா?" என்று கேள்வி வரும்போது ஒரு சுடிதார் மட்டுமே தைத்திருக்கும். பயணம் போகிறவர் காத்திருக்க மாட்டார். இதில் யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் ஏமாற்றவும் இல்லை. ஆனாலும் ஒரு பெருநாள் உடுப்பும் பல வருடப் பழக்கமும் கெட்டுப்போகும்.

வாய்ஸ் நோட்டில் இருக்கும் சிக்கல் இதுதான். அதில் தேடிப் பார்க்க முடியாது. "லைனிங்" என்று டைப் செய்து தேடினால் எழுத்துச் செய்தி வந்து நிற்கும். பேசியதில் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முழுவதையும் மறுபடி கேட்க வேண்டும். பேசுகிறவர் நடுவில் மனம் மாறுவார், முதலில் சொன்னதும் கடைசியில் சொன்னதும் ஒன்றாகவே கிடக்கும்.

திருப்பி எழுதிக் காட்டுவது

இதற்காக வாடிக்கையாளரை "வாய்ஸ் அனுப்பாதீர்கள், டைப் செய்யுங்கள்" என்று சொல்ல முடியாது. டைப் செய்யத் தெரியாத பெரியவர்கள் இருக்கிறார்கள். கையில் குழந்தையோடு பேசுகிற தாய்மார் இருக்கிறார்கள். அவர்கள் பேசட்டும். எழுத வேண்டியது நாம்தான். கேட்டதை நம் கையால் திருப்பி எழுதி அனுப்புவதுதான் அந்தப் பழைய நோட்டு. இப்படி:

"அஸ்ஸலாமு அலைக்கும் லாத்தா. உங்கள் வாய்ஸ் கேட்டேன். துணியும் முன்பணம் 1,000 ரூபாயும் வந்தன. நான் எழுதிக்கொண்டது:

1. பெரிய மகளுக்கு, நீலம்: போன தடவை அளவு. கை மட்டும் 16 இன்ச்சுக்குப் பதில் 18 இன்ச்.
2. சின்ன மகளுக்கு, பச்சை: போன தடவை அளவு. லைனிங் இல்லை.
3. உங்களுக்கு, மெரூன்: போன தடவை அளவு. லைனிங் உண்டு.

கூலி 650 வீதம் 1,950. லைனிங் 150. மொத்தம் 2,100 ரூபாய். முன்பணம் போக மீதி 1,100.

ஒரு கேள்வி: இருபது என்றது மார்ச் 20 புதன்கிழமையா, பிறை 20ஆ?

நாளைச் சொல்லுங்கள். மற்றதில் மாற்றம் இல்லை என்றால் 'சரி' என்று எழுதுங்கள். அதன் பிறகுதான் துணியை வெட்டுவேன்."

இதை எழுத ஐந்து நிமிடம் ஆகும். இதில் கவனிக்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, தேதியோடு கிழமையும் இருக்கிறது. தேதியைத் தவறாகப் படித்தாலும் கிழமை காட்டிக் கொடுத்துவிடும். இரண்டு, கடைசி வரி. தையலில் திரும்ப முடியாத கட்டம் வெட்டுதான். வெட்டும் வரை எதையும் மாற்றலாம். வெட்டிய பிறகு நீளமான கையைக் குறைக்கலாம், குறைந்த கையை நீட்ட முடியாது. ஆகவே சம்மதம் எந்தக் கட்டத்துக்கு முன் வேண்டும் என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. கேக் செய்கிறவருக்கு அது பொருள் வாங்கும் நாள், மருதாணி போடுகிறவருக்கு அந்த நேரத்தை வேறொருவருக்குத் தராமல் ஒதுக்கும் நாள். ஒவ்வொரு தொழிலிலும் அப்படி ஒரு கட்டம் உண்டு.

தவணை குறித்த கொடுக்கல் வாங்கலை, சிறிதோ பெரிதோ, சலிக்காமல் எழுதிக்கொள்ளச் சொல்லும் அல்பகரா 282ஆம் வசனத்தை நாம் பெரிய கடன்களுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். முன்பணம் 1,000, மீதி 1,100, தருவது இந்த நாள் என்பதும் தவணையுள்ள கொடுக்கல் வாங்கல்தான்.

'சரி' வந்ததும் நாம் அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து நட்சத்திரக் குறியிட்டு வையுங்கள், பிறகு தேட வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்தும் வசதி இருக்கிறது. ஆனால் வாடிக்கையாளர் 'சரி' சொன்ன பிறகு அதே செய்தியைத் திருத்தக் கூடாது. அவர் எதற்குச் சரி சொன்னார் என்பதே மாறிப்போகும். மாற்றம் வந்தால் "மாற்றம்: பச்சைக்கும் லைனிங், கூடுதல் 150, மொத்தம் 2,250" என்று புதிதாக எழுதி, அதற்கும் 'சரி' வாங்க வேண்டும்.

எழுதப் படிக்கச் சிரமப்படும் வாடிக்கையாளராக இருந்தால் இதே செய்தியை நாமே வாய்ஸ் நோட்டாகவும் அனுப்பலாம். பேசுவதற்கு முன் சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டு, அரை நிமிடத்துக்குள் முடித்தால் நல்லது. மைக்கை அழுத்தி மேலே தள்ளிப் பூட்டினால், நிறுத்திவிட்டு அனுப்பும் முன் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். பின்னால் ஓடும் மிக்ஸி சத்தம், பிள்ளைகளை அதட்டிய குரல், பக்கத்தில் இருந்தவர் இன்னொரு வாடிக்கையாளரைப் பற்றிச் சொன்ன பேச்சு எல்லாம் அப்போதுதான் காதில் விழும். அந்தப் பக்கம் அதை ஸ்பீக்கரில் போட்டு, வீடே கேட்கும் என்று நினைத்துப் பேசுவது பாதுகாப்பு. அளவு விவரங்களைக் குரலில் சொல்லாமல் எழுத்தில் மட்டும் வைப்பதற்கும் இதுவே காரணம்.

ஒரு கட்டைவிரல், இரண்டு நீதிமன்றங்கள்

இப்போது அந்தக் கட்டைவிரல் எமோஜிக்கு வருவோம். அதற்கு என்ன பொருள் என்று இரண்டு நாடுகளில் நீதிபதிகளே உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் 2021இல் ஒரு தானியக் கொள்முதல் நிறுவனம் ஒரு விவசாயிக்கு ஆளி விதை ஒப்பந்தத்தைப் படம் எடுத்து அனுப்பி, உறுதி செய்யுங்கள் என்று கேட்டது. அவர் கட்டைவிரல் எமோஜி அனுப்பினார். பிறகு விலை ஏறியது, விதை வந்து சேரவில்லை. "கிடைத்தது என்ற பொருளில்தான் அனுப்பினேன், சம்மதம் அல்ல" என்பது விவசாயியின் வாதம். இதே இருவரும் முன்பு குறுஞ்செய்தியில் ஒரு வார்த்தை பதிலிலேயே ஒப்பந்தம் முடித்துப் பழகியவர்கள் என்பதை நீதிமன்றம் பார்த்தது. அந்தக் கட்டைவிரல் சம்மதம்தான் என்று 2023இல் தீர்ப்பளித்து, 82,000 கனடா டாலருக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

அதே 2024இல் நம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது வேறு வழக்கு. ரயில்வே பாதுகாப்புப் படையின் வாட்ஸ்அப் குழுவில், அதிகாரி ஒருவர் கொல்லப்பட்டது பற்றிய செய்திக்கு ஒரு காவலர் கட்டைவிரல் போட்டார். கொலையைக் கொண்டாடினார் என்று அவரைப் பணிநீக்கம் செய்தார்கள். அந்தக் குறியை 'ஓகே' என்பதற்கு மாற்றாக, செய்தியைப் பார்த்துவிட்டேன் என்ற பொருளில் எடுத்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றம் கூறி, அவரை மீண்டும் பணியில் சேர்க்கும் உத்தரவை உறுதி செய்தது.

ஒரே குறி, ஓர் இடத்தில் ஒப்பந்தம், இன்னோர் இடத்தில் 'பார்த்தேன்'. இரண்டு தீர்ப்பும் முன்பின் நடந்ததை வைத்துத்தான் பொருள் கண்டன. அப்படி முன்பின் பார்த்துப் பொருள் தேடும் நிலையை நாம் ஏன் உண்டாக்க வேண்டும்? நமது எடுத்துக்காட்டில் சகோதரி போட்ட கட்டைவிரலுக்கு அவர் மனதில் "கேட்டுவிட்டேன், பிறகு பார்க்கிறேன்" என்று பொருள். வாடிக்கையாளருக்கோ "இருபதுக்குள் தருகிறேன்" என்று பொருள்.

ஆகவே எமோஜியைத் தொழிலில் முற்றாக விட வேண்டும் என்பதில்லை. அதற்கு ஒரே ஒரு வேலை கொடுத்துவிட வேண்டும். "கிளம்பிட்டேன்", "பணம் போட்டுட்டேன்" போன்ற செய்திகளுக்குக் கட்டைவிரல் போடலாம், அங்கே 'பார்த்தேன்' என்பது போதும். விலை, அளவு, நாள், மாற்றம் இந்த நான்கில் ஒன்று இருந்தால் வார்த்தையில் பதில் சொல்ல வேண்டும். "பார்த்தேன், மாலைக்குள் சொல்கிறேன்" என்பது ஒரு பதில். "சரி, தைக்கிறேன்" என்பது வேறு பதில். வாடிக்கையாளர் நம் ஆர்டர் செய்திக்குக் கட்டைவிரல் மட்டும் போட்டால், "லாத்தா, சரி என்று எடுத்துக்கொண்டு நாளைக் காலை வெட்டட்டுமா?" என்று ஒரு வரி கேட்டுவிடலாம். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

மற்ற எமோஜிகளில் கவனிக்க வேண்டியது, பார்க்கப்போவது யார் என்பது. பல வீடுகளில் ஆர்டர் வருவது கணவர் எண்ணிலிருந்து அல்லது கல்லூரி போகும் மகன் எண்ணிலிருந்து. அக்காவுக்கு என்று அனுப்பிய சிவப்பு இதயம் அவர் கணவர் போனில் போய் நிற்கும். கூலி அதிகம் என்று ஒருவர் வருத்தப்பட்டு எழுதியதற்கு, சங்கடத்தை மறைக்கப் போடும் சிரிப்பு முகம், கேலியாகத்தான் படும். நன்றிக்கு 'ஜஸாகல்லாஹ் கைர்' அல்லது 'நன்றி' என்று முழுதாக எழுதுவது எந்தப் போனில் யார் பார்த்தாலும் ஒரே பொருள்தான் தரும்.

ஷட்டரை எப்போது இறக்குவது?

இரவு 11:45க்கு வாடிக்கையாளர் செய்தி அனுப்புவது தவறல்ல. அவருக்கு அப்போதுதான் நேரம் கிடைத்திருக்கும். சவூதியில் இருக்கும் கணவர் இரவு 9:30க்கு மனைவியின் உடுப்பு பற்றிக் கேட்டால் நமக்கு இங்கே நள்ளிரவு 12 மணி. துபாய் என்றால் ஒன்றரை மணி நேர வித்தியாசம். ரமளானில் கேட்கவே வேண்டாம். தராவீஹ் முடிந்து ஸஹர் வரை பாதி ஊர் விழித்திருக்கிறது, தையல்காரரும் மெஷினில்தான் இருக்கிறார்.

சிக்கல், நாம் அந்த நேரத்தில் பதில் எழுதுவதில் இருக்கிறது. ஒரு முறை 11:45க்குப் பதில் வந்தால், வாடிக்கையாளர் அதை நம் வேலை நேரமாக எடுத்துக்கொள்வார். மறுநாள் அதே நேரத்தில் பதில் வராவிட்டால் "பார்த்துட்டும் பேசலையே" என்று வருந்துவார். கூடவே, தூக்கக் கலக்கத்தில் ஒப்புக்கொண்ட நாளும் விலையும் காலையில் நமக்கே பாரமாகத் தெரியும்.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. ஆங்கில அமைப்பில் அது Away message என்று இருக்கும். முதலில் வேலை நேரத்தைக் குறித்துவிட்டு, இதில் Outside of business hours என்பதைத் தேர்ந்தெடுத்தால், அந்த நேரத்துக்கு வெளியே வரும் செய்திகளுக்குத் தானாகப் பதில் போகும். நம் போனில் அப்போது இணையம் இருந்தால்தான் அது போகும் என்பதை நினைவில் வையுங்கள். டேட்டாவை அணைத்துவிட்டுத் தூங்கினால் பதிலும் போகாது. நோன்பு மாதத்தில் வேலை நேரத்தை மாற்றி அமைத்துக்கொண்டு, பெருநாள் முடிந்ததும் மறக்காமல் பழைய நேரத்துக்குத் திருப்ப வேண்டும். பதில் இப்படி இருக்கலாம்:

"உங்கள் செய்தி வந்துவிட்டது. பதில் எழுதும் நேரம் காலை 11 முதல் இரவு 11 வரை. நாளை மதியத்துக்குள் பதில் சொல்கிறேன். இன்றே வாங்க வேண்டிய துணி என்றால் போன் செய்யுங்கள்."

இது முஸ்லிம், இந்து, கிறிஸ்தவர் என எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே வாசகமாகப் போகும். அதனால் முகமனை இதில் சேர்க்காமல், நேரில் எழுதும்போது அவரவருக்கு உரியபடி தொடங்குவது பொருத்தம். "நாளை மதியத்துக்குள்" என்று எழுதினால் மதியத்துக்குள் எழுதியே ஆக வேண்டும். முடியாது என்றால் "மாலைக்குள்" என்றே போட்டுவிடலாம்.

சாதாரண வாட்ஸ்அப் வைத்திருப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. இரவில் பதிலை எழுதிவிட்டு அனுப்பாமல் வெளியே வாருங்கள், அது அந்த அரட்டையிலேயே டிராஃப்டாகத் தங்கும். காலையில் ஒருமுறை படித்துவிட்டு அனுப்பலாம். ஆனால் செய்தியைத் திறந்தால் நீலக் குறி விழும், வாய்ஸ் நோட்டைக் கேட்டால் அதன் மைக் நீலமாகும். பதில் எழுதப் போவதில்லை என்றால் இரவில் திறக்காமல் இருப்பதே நல்லது.

ஒரு விஷயம் மட்டும் காலை வரை காத்திருக்கக் கூடாது. சொன்ன நாளில் தர முடியாது என்று நமக்குத் தெரிந்துவிட்டால், தெரிந்த அன்றே சொல்ல வேண்டும். மெஷின் பழுதானது 18ஆம் தேதி மாலை என்றால் அன்றிரவே, ஒரு மணி நேரம் கடந்தாலும் பரவாயில்லை. அதற்குக் குரலும் எழுத்தும் இரண்டும் வேண்டும். முதலில் நம் குரலில் ஒரு சிறு வருத்தம், ஏனென்றால் எழுத்தில் மட்டும் வந்தால் அது அலட்சியம் போலப் படும். அடுத்து எழுத்தில் விவரம்: "நீலமும் பச்சையும் 20ஆம் தேதி காலை தருகிறேன். மெரூன் 22ஆம் தேதிதான் முடியும். பயணத்துக்கு மெரூனும் கட்டாயம் என்றால் இப்போதே சொல்லுங்கள், வேறு இடத்தில் தைக்கக் கொடுக்க ஏற்பாடு செய்கிறேன்." இரண்டு நாள் முன்னால் தெரிந்தால் அவர் வேறு வழி பார்க்க முடியும். 20ஆம் தேதி காலையில் தெரிந்தால் சண்டை போட மட்டுமே முடியும்.

இத்தனைக்குப் பிறகும் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று யாராவது சொல்லலாம். அப்போது பழைய வாய்ஸ் நோட்டை அவருக்கே திருப்பி அனுப்பி நிரூபிக்கப் போகாதீர்கள். "லாத்தா, 8ஆம் தேதி நீங்கள் சரி சொன்ன செய்தி இது, ஒருமுறை பாருங்கள்" என்று நட்சத்திரமிட்ட செய்தியை மட்டும் மேற்கோள் காட்டிவிட்டு, என்ன செய்யலாம் என்று அவரிடமே கேளுங்கள். படித்துப் பார்த்ததும் "ஆமாம்மா, மறந்துட்டேன்" என்று அவரே சொல்ல அதில் இடம் இருக்கும்.